பணமும் வராமல், கார்டும் வராமல்

ஏ.டி.எம். திரையில் `Unable to process` என்று வந்தால், கேட்டது நடக்கவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஏன் நடக்கவில்லை, மறுத்தது யார், கணக்கிலிருந்து பணம் கழிந்ததா இல்லையா என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். நம் வங்கியின் கணினி அந்த நேரத்தில் பதில் தராமல் இருந்திருக்கலாம். ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய அளவைத் தாண்டி நாம் கேட்டிருக்கலாம். உள்ளே நோட்டு சிக்கியிருக்கலாம். இத்தனை காரணங்களுக்கும் பல இயந்திரங்கள் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் காட்டுகின்றன.

`Card retained` என்று வருவது வேறு விஷயம். அங்கே இயந்திரத்துக்குள் போய்விட்டது நம் கார்டு. இந்த இரண்டுக்கும் செய்ய வேண்டியவை நேர்எதிரானவை. பணம் வராதபோது பதற்றமில்லாமல் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு நாள்களை எண்ண வேண்டும். கார்டு வராதபோது நின்ற இடத்திலேயே செயல்பட வேண்டும். நம்மில் பலர் இதை மாற்றிச் செய்கிறோம். பணம் வரவில்லை என்றால் கார்டைத் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்கிறோம். கார்டு சிக்கிக்கொண்டால் காலையில் வங்கி திறந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். இந்த இரண்டாவது பழக்கத்தில்தான் சேமிப்பு முழுவதும் பறிபோன குடும்பங்கள் இருக்கின்றன.

அந்தச் சில நொடிகளில் நடப்பது

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குப் பொதுத்துறை வங்கி ஒன்றில் சம்பளக் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6-ம் தேதி மாலை, வீட்டு வாடகைக்காக, வேலை முடிந்து வரும் வழியிலுள்ள ஒரு தனியார் வங்கியின் ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் கேட்கிறார். இயந்திரம் சிறிது நேரம் யோசிக்கிறது. பிறகு `Unable to process` என்கிறது. கார்டு வெளியே வந்துவிட்டது, பணம் வரவில்லை. அவர் கதவைத் திறப்பதற்குள், கணக்கிலிருந்து 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாக போனில் செய்தி வருகிறது.

பணத்தை யாரும் திருடவில்லை. நடந்தது இதுதான். அவர் பின் நம்பரை அழுத்தியதும் அது எண் பலகையிலேயே மறைகுறியாக மாற்றப்பட்டு, கேட்ட தொகையோடு சேர்ந்து தனியார் வங்கியின் கணினிக்குப் போகிறது. கார்டு வேறு வங்கியுடையது என்பதால், அங்கிருந்து நேஷனல் ஃபைனான்சியல் ஸ்விட்ச் என்ற பொது வலைப்பின்னல் வழியாக அவருடைய சொந்த வங்கிக்குப் போகிறது. இந்த வலைப்பின்னலை நடத்துவது நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் என்ற அமைப்பு. யுபிஐ-யை நடத்துவதும் அதே அமைப்புதான். சொந்த வங்கி பின் நம்பரையும் இருப்பையும் சரிபார்த்து, கணக்கில் 10,000 ரூபாயைக் கழித்துவிட்டு, கொடுக்கலாம் என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வந்து சேர்ந்த பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்கும்.

ஆக, பணம் நம் கைக்கு வரும் முன்பே கணக்கில் கழிந்துவிடுகிறது. வங்கியின் பக்கம் இதற்கு நியாயமும் உண்டு: முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கழிக்க முயன்று, அது முடியாமல் போனால் அந்தப் பணத்தை எங்கே போய்த் தேடுவது? ஆனால் இந்த வரிசை காரணமாகவே, கழிந்ததற்கும் கைக்கு வருவதற்கும் இடையில் ஒரு சிறு இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியில் நோட்டு சிக்கினாலோ, பணம் தள்ளும் பகுதி நின்றுபோனாலோ, பதில் தாமதமாக வந்து இயந்திரம் காத்திருந்து அலுத்துவிட்டாலோ, பணம் தரவில்லை, கழித்ததைத் திருப்பிப் போடு என்று இயந்திரத்தின் பக்கமிருந்து ஒரு செய்தி திரும்பிப் போக வேண்டும். பெரும்பாலும் போய்விடுகிறது. சில நிமிடங்களில் பணம் வரவு வைக்கப்பட்ட செய்தியும் நமக்கு வந்துவிடும். இணைப்பே அறுந்திருந்தால் அந்தத் திருப்பிப் போடும் செய்தியும் போகாது. அப்போது கணினி தானாகச் சரிசெய்ய வழியில்லை; மறுநாளோ அதற்குப் பிறகோ இரு வங்கிகளும் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் விவரம் தெரியும்.

இயந்திரத்தின் முன் நிற்கும்போதே

திரையில் அந்த வாசகம் வந்ததும் நகர்ந்துவிடக் கூடாது. `Cancel` பொத்தானை அழுத்திவிட்டு, பழைய வரவேற்புத் திரை மீண்டும் வரும்வரை நிற்க வேண்டும். இணைப்பு தடுமாறும்போது இயந்திரம் பணத்தைத் தாமதமாக வெளியே தள்ளுவது உண்டு. நாம் போன பிறகு அது வந்தால் அடுத்து நிற்பவர் கைக்குப் போகும். வங்கியின் பதிவிலோ பணம் வெற்றிகரமாகக் கொடுக்கப்பட்டது என்றே இருக்கும். பணம் வரும் வாயிலையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதன் உட்புறம் தகடோ அட்டையோ ஒட்டி, வெளியே வரும் நோட்டைத் தடுத்து நிறுத்தி, வாடிக்கையாளர் போனதும் எடுத்துக்கொள்ளும் கும்பல்கள் இருக்கின்றன. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அங்கேயே நின்று வங்கிக்கும், போலீசுக்கு 112 எண்ணிலும் சொல்லுங்கள்.

துண்டுச் சீட்டு வந்தால் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். தோல்வியடைந்த பரிவர்த்தனையின் சீட்டுதானே என்று அங்குள்ள குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறோம். உண்மையில் வெற்றியடைந்ததன் சீட்டைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். அதில் ஏ.டி.எம். எண், தேதி, நேரம், பரிவர்த்தனை எண், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கும். சிலவற்றில் இரண்டு இலக்கக் குறியீடு ஒன்றும் அச்சாகியிருக்கும். 51 என்றால் கணக்கில் போதிய இருப்பு இல்லை. 55 என்றால் பின் நம்பர் தவறு. 61 என்றால் அன்றைய அளவைத் தாண்டிவிட்டது. 75 என்றால் பின் நம்பரைத் தவறாக அழுத்தும் வாய்ப்புகள் தீர்ந்துவிட்டன. 91 என்றால் நம் வங்கியின் கணினி பதில் தரவில்லை. முதல் நான்கில் பொதுவாகப் பணம் கழிந்திருக்காது, காரணமும் நம் பக்கத்தில் இருக்கிறது. 91 வந்தால் கொஞ்ச நேரம் பொறுத்து இருப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சீட்டு வராவிட்டால் திரையை போனில் படம் எடுங்கள். இயந்திரத்தின் மேல் அதன் அடையாள எண் ஒட்டப்பட்டிருக்கும், அதையும் எடுங்கள். எந்த வங்கியின் பெயர்ப்பலகை, எந்தத் தெரு, எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பணம் கழிந்ததாக வந்த செய்தியை அழிக்காதீர்கள். பிறகு நடக்கும் விசாரணை முழுவதும் இந்த எண்ணையும் இந்த நிமிடத்தையும் வைத்துத்தான் நடக்கும்.

உடனே மறுபடி கார்டைச் செருகி அதே தொகையைக் கேட்பதுதான் பலர் செய்வது. கழிந்ததாகச் செய்தி வந்திருந்தால் வேண்டாம். முதல் தொகை திரும்பும்வரை அது அன்றைய அளவைத் தின்றுகொண்டிருக்கும். இரண்டாவது முயற்சியும் அதேபோல முடிந்தால் இரண்டு தொகைகள் மாட்டிக்கொள்ளும். கழியவில்லை என்பது உறுதியானால் வேறு இயந்திரத்துக்குப் போகலாம்.

ஒன்றில் மட்டும் கவலை வேண்டாம். மாதத்துக்கு இத்தனை முறை இலவசம் என்ற கணக்கில் தோல்வியடைந்த முயற்சியைச் சேர்க்கக் கூடாது என்று 2019 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்திவிட்டது. இயந்திரக் கோளாறு, இணைப்புக் கோளாறு, உள்ளே நோட்டு இல்லாதது, தவறான பின் நம்பர் ஆகிய காரணங்களுக்கு இது பொருந்தும். கணக்கில் பணம் இல்லாமல் எடுக்கப்போனால் மட்டும் பல வங்கிகள் கட்டணம் பிடிக்கின்றன.

புகார் யாரிடம்?

நம் திருப்பூர்ப் பெண் மறுநாள் காலை அந்தத் தனியார் வங்கிக் கிளைக்குப் போனால், "இது எங்க கார்டு இல்லைங்க, உங்க பேங்க்ல போய்க் கேளுங்க" என்றுதான் சொல்வார்கள். அலைக்கழிப்பது போலத் தோன்றினாலும் அது சரியான பதில்தான். இயந்திரம் எந்த வங்கியுடையதாக இருந்தாலும் புகாரைப் பெற வேண்டியது கார்டு கொடுத்த வங்கி. பணம் கழிந்தது அங்கேதான், திரும்ப வர வேண்டியதும் அங்கேதான். வங்கியல்லாத நிறுவனங்கள் நடத்தும் ஏ.டி.எம்.களுக்கும் இதே விதிதான்.

கிளைக்கு நேரில் போகத்தான் வேண்டும் என்பதில்லை. வங்கியின் செயலியிலோ, வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ, இணையதளத்திலோ புகாரைப் பதியலாம். ஞாயிற்றுக்கிழமையும் பதியலாம். பணம் கழிந்தது, கைக்கு வரவில்லை என்ற வகை எல்லா வங்கிகளின் புகார்ப் பட்டியலிலும் இருக்கும். பதிந்து முடித்ததும் ஒரு புகார் எண் தருவார்கள். அந்த எண் இல்லாத புகார் புகாரே அல்ல. கிளையில் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, "பார்க்கலாம், ரெண்டு நாள்ல வந்துடும்" என்ற பதிலோடு திரும்பி வருபவர்களுக்குப் பிறகு கையில் காட்ட எதுவுமே இருப்பதில்லை. எழுதிக் கொடுப்பதாக இருந்தால் நான்கு வரி போதும்:

"என் சேமிப்புக் கணக்கிலிருந்து 6-ம் தேதி மாலை 7.42 மணிக்கு, இன்ன இடத்திலுள்ள இன்ன எண் கொண்ட ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டது. பணம் வெளியே வரவில்லை. திரையின் படமும் குறுஞ்செய்தியும் இணைத்துள்ளேன். தொகையைத் திரும்ப வரவு வைக்கவும், அந்த நேரத்து இயந்திரப் பதிவையும் கேமரா பதிவையும் அழியாமல் பாதுகாக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கேமரா பதிவுகளை எந்த வங்கியும் நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டிருந்தால்தான், பிறகு பதிவு இல்லை என்று சொல்வது அவர்களுக்குக் கடினமாகும்.

ஐந்து நாள், அதன் பிறகு நூறு ரூபாய்

2019 செப்டம்பர் 20-ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. தோல்வியடைந்த பரிவர்த்தனைகளில் பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், தாமதமானால் என்ன இழப்பீடு என்று அதில் வகை வகையாகச் சொல்லியிருக்கிறது. ஏ.டி.எம்.மில் பணம் கழிந்து, கைக்கு வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளரின் கணக்கில் சேர வேண்டும். இந்த நாள்கள் வேலை நாள்கள் அல்ல, காலண்டர் நாள்கள். இடையில் வரும் ஞாயிறும் பண்டிகையும் கணக்கில் சேரும்.

நம் உதாரணத்தில் 6-ம் தேதி பணம் கழிந்தது. 11-ம் தேதிக்குள் திரும்பியிருக்க வேண்டும். 23-ம் தேதிதான் வந்தது என்றால் 12 நாள் தாமதம். அவர் கணக்கில் 10,000 ரூபாயோடு 1,200 ரூபாயும் சேர வேண்டும். கழிந்த தொகை 500 ரூபாயாக இருந்தாலும் இழப்பீடு நாளுக்கு அதே 100 ரூபாய்தான். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சுற்றறிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொரு வரி. இந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்கும்வரை வங்கி காத்திருக்கக் கூடாது, தானாகவே வரவு வைக்க வேண்டும் என்கிறது அது. எட்டு மணி நேர வேலையை விட்டுவிட்டு வங்கிக் கிளையில் வந்து நிற்க முடியாதவர்களை நினைத்து எழுதப்பட்ட வரி அது. ஆனால் பணம் திரும்பியதும் பெரும்பாலானோர் நிம்மதியோடு பாஸ்புக்கை மூடிவிடுகிறார்கள். தாமதத்துக்கான தொகை வந்ததா என்று பார்ப்பதில்லை. வராமலிருந்தால் அதே புகார் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அது சலுகை அல்ல.

பணம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால்

சிலருக்குச் சில நாளில் வங்கியிடமிருந்து வேறு மாதிரி செய்தி வரும்: உங்கள் பரிவர்த்தனை வெற்றிகரமானது, புகார் முடித்துவைக்கப்பட்டது. மனம் உடைந்துபோகும் இடம் இதுதான். இங்கேதான் பலர் கைவிட்டும்விடுகிறார்கள். வங்கி எதை வைத்து இப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

ஒவ்வொரு ஏ.டி.எம்.முக்குள்ளும் ஒரு மின்னணுக் குறிப்பேடு இருக்கிறது. கார்டு செருகப்பட்டது, தொகை கேட்கப்பட்டது, எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நோட்டுகள் எடுக்கப்பட்டன, வாயில் திறந்ததா, நோட்டு எடுத்துக்கொள்ளப்பட்டதா என்று ஒவ்வொரு அசைவும் நேரத்தோடு அதில் பதிவாகிறது. இரண்டாவது சான்று, இயந்திரத்திலுள்ள பணமே. பணம் நிரப்ப வரும் ஏஜென்சிக்காரர்கள் பெட்டிகளில் மீதமுள்ள நோட்டுகளை எண்ணுவார்கள். மடங்கிய, ஒட்டிக்கொண்ட, வெளியே தள்ளப்படாத நோட்டுகள் போய் விழுவதற்கென்று தனிப் பெட்டி ஒன்றும் உள்ளே இருக்கிறது, அதையும் எண்ணுவார்கள். அந்தப் பெண்ணுக்கு 10,000 ரூபாய் உண்மையாகவே போகவில்லை என்றால், இருக்க வேண்டியதைவிட 10,000 ரூபாய் அதிகமாக அந்த இயந்திரத்தில் இருந்தாக வேண்டும். மூன்றாவது சான்று, கேமரா.

புகாரை வாங்கிய வங்கி, பணத்தைத் திருப்பிக் கொடு என்று இயந்திரத்துக்குரிய வங்கியிடம் வலைப்பின்னல் வழியாகக் கோருகிறது. அந்த வங்கி குறிப்பேட்டைக் காட்டி, கொடுத்துவிட்டோம் என்று மறுக்கிறது. சில நேரம் குறிப்பேட்டை மட்டும் பார்த்துவிட்டு, பெட்டியில் எண்ணிய கணக்கைப் பார்க்காமலேயே பதில் வந்துவிடும். ஆகவே மறுப்பு வந்ததும், மூன்றையும் பெயர் சொல்லி எழுத்தில் கேளுங்கள்: அந்த நிமிடத்து குறிப்பேட்டின் நகல், அன்றைய பண இருப்புச் சரிபார்ப்புக் கணக்கு, கேமரா பதிவு. இதைக் கேட்கும்போதே, இந்த வாடிக்கையாளர் விவரம் தெரிந்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும். மறு ஆய்வுக்கு வழி பெரும்பாலும் அங்கே திறக்கிறது.

வங்கிகள் இவ்வளவு எச்சரிக்கையாக இருப்பதற்குச் சென்னையிலேயே ஒரு காரணம் நடந்திருக்கிறது. 2021 ஜூனில் ஸ்டேட் பாங்கின் பணம் செலுத்தும் இயந்திரங்களில், வெளியே வந்த நோட்டை எடுத்துக்கொண்டு, பணம் எடுக்கப்படவில்லை என்று இயந்திரத்தை நம்பவைத்து ஹரியானாவைச் சேர்ந்த ஒரு கும்பல் லட்சக்கணக்கில் எடுத்துச் சென்றது. வாயிலை மூடவிடாமல் பிடித்து உணரியை ஏமாற்றியதுதான் உத்தி. அதன் பிறகு அந்த வகை இயந்திரங்களில் பணம் எடுக்கும் வசதியையே வங்கி நிறுத்திவைத்தது. பணம் வரவில்லை என்ற சொல்லை வங்கி ஏன் உடனே நம்புவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஆனாலும் அந்தக் கும்பலின் பாவத்தை, வாடகைப் பணத்தைத் தேடி நிற்கும் ஒருவர் சுமக்கக் கூடாது. சான்றுகள் வங்கியின் கையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சொல்வது அவர்கள் பொறுப்பு.

வங்கி மறுத்துவிட்டாலோ, அதன் பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாளாகியும் பதிலே இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி நாடு முழுவதற்கும் ஒரே வாசல்தான்: cms.rbi.org.in. சந்தேகம் கேட்க 14448. கட்டணம் எதுவுமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் முதலில் வங்கியிடம் புகார் கொடுத்ததற்கான எண் இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வங்கியின் பதில் வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஆறப்போடவும் கூடாது.

கார்டு உள்ளே போய்விட்டால்

இனி இரண்டாவது செய்தி. இயந்திரம் கார்டை வைத்துக்கொள்வதற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு. கார்டு தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ வங்கியிடம் பதிவாகியிருந்தால், பிடித்துவை என்ற உத்தரவே வரும். வெளியே நீட்டிய கார்டைச் சில நொடிகளுக்குள் எடுக்காவிட்டால் சில இயந்திரங்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மின்சாரம் போவதும், கார்டு வளைந்திருப்பதும்கூடக் காரணமாகலாம். கார்டில் சிப் வந்த பிறகு, வேலை முடியும்வரை கார்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும் இயந்திரங்களே நம் ஊரில் அதிகம். அவற்றில் பச்சை விளக்கு வருவதற்குள் இழுத்தால் வராது. அது சிக்கியதாக ஆகாது. `Cancel` அழுத்திவிட்டு, பிடி தளரும்வரை பொறுத்தால் வந்துவிடும்.

திரையில் எந்த அறிவிப்பும் இல்லாமல் கார்டு சிக்கியிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். கார்டு போடும் துவாரத்தில் பசையைத் தடவியோ, உள்ளே ஏதாவது செருகியோ வைத்துவிட்டு, பக்கத்துச் சுவரில் வாடிக்கையாளர் சேவை என்று ஒரு போன் நம்பரையும் ஒட்டிவைக்கும் கும்பல்களை வடமாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. கார்டு சிக்கியவர் அந்த நம்பருக்கு அடிப்பார். எதிர்முனையில் பேசுபவன் பொறுமையாக, மரியாதையாகப் பேசுவான். பின் நம்பரை இன்னொரு முறை அழுத்தச் சொல்வான். அருகில் உதவிக்கு வந்தவன் போல நிற்கும் கூட்டாளி அதைப் பார்த்துக்கொள்வான். பிறகு, கொஞ்ச தூரத்திலுள்ள இன்னொரு ஏ.டி.எம்.மில் காவலாளி இருப்பார், அவரைக் கூட்டிவாருங்கள் என்று அனுப்புவார்கள். அவர் திரும்பி வருவதற்குள் கார்டும் போயிருக்கும், கணக்கிலிருந்த பணமும் போயிருக்கும்.

இதற்கு ஒரே மருந்து, இயந்திரத்தை விட்டு நகரும் முன் கார்டை முடக்குவது. வங்கிச் செயலியில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. சேவை எண்ணுக்கு அழைத்தும் செய்யலாம். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு: அந்தச் சேவை எண் கார்டின் பின்புறத்தில்தான் அச்சாகியிருக்கும், கார்டோ இயந்திரத்துக்குள். அதனால் இன்றே உங்கள் வங்கியின் எண்ணை போனில் சேமித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போனிலும் அவர்கள் வங்கியின் எண்ணைப் பதிந்து கொடுங்கள். ஸ்டேட் பாங்க் என்றால் 1800 1234. மற்ற வங்கிகளின் எண்ணை பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளலாம். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணுக்கு அடிக்காதீர்கள். போலி எண்கள் அங்கேயும் உலவுகின்றன. அழைத்தவுடன், கார்டு இயந்திரத்தில் சிக்கிவிட்டது, முடக்குங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பின் நம்பரையோ ஓ.டி.பி.யையோ சேவை மையத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது சேவை மையம் அல்ல.

முடக்கிய நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அனுமதியில்லாமல் கணக்கில் நடக்கும் மின்னணு மோசடிகளில் யார் நஷ்டத்தைச் சுமப்பது என்று 2017 ஜூலை 6-ம் தேதி ரிசர்வ் வங்கி வகுத்த விதியில் எல்லாம் நேரத்தைப் பொறுத்தே அமைகிறது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் ஒருவன் எடுத்திருந்தால், வங்கியிடமிருந்து செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டமில்லை. நாலிலிருந்து ஏழாவது வேலை நாள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை நம் தலையில் விழலாம். அதையும் தாண்டினால், அந்தந்த வங்கி வைத்திருக்கும் கொள்கைதான். பின் நம்பரை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால் நிலைமை மோசம். வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுவதும் நம்முடைய நஷ்டம். ஆனால் அப்போதும்கூட, தெரிவித்த நிமிடத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் ஒரு மணி நேரம் தயங்குவதுதான் இங்கே பெரிய இழப்பு. பணம் போயிருந்தால் வங்கியோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

சிக்கிய கார்டு திரும்பக் கிடைக்குமா? சொந்த வங்கியின் கிளையோடு ஒட்டிய ஏ.டி.எம். என்றால், அடையாள அட்டையோடு மறுநாள் போய்க் கேட்டுப் பார்க்கலாம்; மேலாளர் சரிபார்த்துக் கொடுப்பது உண்டு. வேறு வங்கியின் இயந்திரம் என்றால் எதிர்பார்க்க வேண்டாம். அப்படிச் சிக்கிய கார்டுகளைப் பெரும்பாலும் வெட்டி அழித்துவிடுவார்கள். புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பதுதான் வழி. அது வரும்வரை கணக்கு முடங்காது. போனில் ஏற்கெனவே உள்ள யுபிஐ வழக்கம்போல வேலை செய்யும். கிளையில் சீட்டு எழுதிப் பணம் எடுக்கலாம். சில ஏ.டி.எம்.களில் கார்டே இல்லாமல், திரையில் வரும் கியூ.ஆர். குறியை யுபிஐ செயலியில் ஸ்கேன் செய்தும் எடுக்கலாம்.

புதுக் கார்டுக்கு எண் வேறாக இருக்கும். கேபிள், காப்பீட்டுத் தவணை என்று பழைய கார்டு எண்ணில் தானாகக் கட்டும் ஏற்பாடு ஏதாவது இருந்தால், அவற்றை மாற்றிக்கொடுக்க வேண்டும். முடக்கிய பிறகு பழைய கார்டைக் கிளையில் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் அதை மறுபடி இயக்கச் சொல்லிக் கேட்காமல், சிப் இரண்டாகும்படி வெட்டிப் போட்டுவிடுங்கள். அது யார் கையெல்லாம் பட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது.